ஒரே கோப்புறை, மூன்று திரைகள்: அடிக்கோடு எங்கே தங்குகிறது?

பேருந்தில் கைப்பேசி, வீட்டில் டேப்லெட், மேசையில் கணினி என்று மாறி மாறிப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டைத்தான் செய்துகொள்கிறார்கள். கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ ஒன்டிரைவிலோ ‘புத்தகங்கள்’ என்று ஒரு கோப்புறை. வாங்கியது, இறக்கியது, நண்பர் அனுப்பியது எல்லாம் அதற்குள் போய்விடும். மூன்று சாதனங்களிலும் அதே கோப்புறை திறக்கும். சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிறகு ஒருநாள், டேப்லெட்டில் மஞ்சள் பூசிய பத்தி கணினியில் வெறுமையாக இருக்கும். 140-ஆம் பக்கத்தில் நிறுத்திய நாவல் கைப்பேசியில் அட்டைப் படத்தில் போய் நிற்கும். ஒரே பெயரில் இரண்டு பிடிஎஃப் முளைத்திருக்கும். இரண்டிலும் வெவ்வேறு அடிக்கோடுகள்.

‘சிங்க் ஆகவில்லை’ என்று பழியை மேகச் சேவையின் மேல் போடுவது வழக்கம். பல சமயங்களில் அந்தச் சேவை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அதற்குப் புத்தகம் என்றால் என்ன, அடிக்கோடு என்றால் என்ன என்பதெல்லாம் தெரியாது. ஒரு கோப்பு மாறினால் அதை மற்ற இடங்களுக்கு அனுப்பும். மாறாவிட்டால் சும்மா இருக்கும். ஆகவே இந்த ஏற்பாடு பலிக்குமா என்பது வாசகர் போட்ட குறி எங்கே எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு மூன்று இடங்கள் உண்டு. புத்தகக் கோப்புக்குள்ளேயே எழுதப்படலாம். கோப்புக்குப் பக்கத்தில் ஒரு துணைக் கோப்பில் எழுதப்படலாம். செயலியின் சொந்தத் தரவுத்தளத்தில் எழுதப்படலாம். முதல் இரண்டும் கோப்புறையோடு பயணம் செய்யும். மூன்றாவது செய்யாது.

பிடிஎஃப் முதல் வகையைச் சேர்ந்தது, அல்லது சேரக்கூடியது. அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008-இல் ISO 32000 என்ற பன்னாட்டுத் தரமானது. குறிப்புகளைக் கோப்புக்குள் எப்படி எழுத வேண்டும் என்பதும் அந்தத் தரத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. குறிப்புள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் `/Annots` என்று ஒரு பட்டியல் இருக்கும். வாசகர் ஒரு வரியில் மஞ்சள் பூசி, ‘பார்’ என்று ஒரு சொல்லைக் குறிப்பாக எழுதினால், கோப்புக்குள் ஏறத்தாழ இப்படி ஒரு பதிவு சேரும்:

```
12 0 obj
<< /Type /Annot
   /Subtype /Highlight
   /Rect [72 640 310 656]
   /QuadPoints [72 656 310 656 72 640 310 640]
   /C [1 1 0]
   /T (Tab)
   /M (D:20250114201500+05'30')
   /Contents <FEFF0BAA0BBE0BB00BCD>
>>
endobj
```

`/QuadPoints` என்பது பக்கத்தின் மேல் அந்த மஞ்சள் பட்டையின் நான்கு மூலைகள். `/C` நிறம். `/T` குறித்தவர் பெயர், `/M` குறியைக் கடைசியாக மாற்றிய நேரம். கடைசி வரியில் இருப்பது ‘பார்’ என்பதன் நான்கு யூனிகோடு எண்கள். கவனிக்க வேண்டியது, இதில் எந்தச் செயலியின் முத்திரையும் இல்லை என்பதுதான். தரத்தைப் பின்பற்றும் எந்தச் செயலி திறந்தாலும் அதே இடத்தில் அதே மஞ்சள் தெரியும். அக்ரோபேட் ரீடரில் போட்ட குறியை ஒக்யுலரில் பார்க்கலாம், மேக் கணினியின் பிரிவியூவில் அழிக்கலாம். ஒரே கோப்புறையை நம்பி மூன்று சாதனங்களில் மூன்று வேறு செயலிகளை வைத்துக்கொண்டு படிக்க முடிவதற்கு இந்தப் பொதுமைதான் காரணம்.

இன்னொரு வசதியும் உண்டு. பல செயலிகள் பிடிஎஃப்பைச் சேமிக்கும்போது பழைய பகுதியைத் தொடாமல், புதிய குறிப்புகளைக் கோப்பின் வாலில் ஒட்டிவிடுகின்றன. 60 எம்பி புத்தகத்தில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டால் சில கிலோபைட்டுகள்தான் கூடும். டிராப்பாக்ஸ் ஒரு கோப்பை 4 எம்பி துண்டுகளாகப் பார்த்து மாறிய துண்டை மட்டும் அனுப்பும். சாதனத்திலிருந்து சாதனத்துக்கு நேராகக் கோப்புகளை அனுப்பும் சிங்க்திங்கும் துண்டு துண்டாகவே ஒப்பிடும். எனவே கைப்பேசி டேட்டாவில்கூட அந்தச் சின்ன மாற்றம் சட்டென்று போய்ச் சேரும். மாறாக, சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் புதிதாக எழுதும் செயலி கையில் இருந்தால், ஒவ்வொரு அடிக்கோட்டுக்கும் 60 எம்பி மேலேறிக் கீழிறங்கும்.

ஆனால் எல்லாச் செயலிகளும் கோப்புக்குள் எழுதுவதில்லை. இதைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். ஒக்யுலர் நெடுங்காலம் தன் குறிப்புகளைக் கணினியின் வேறொரு மூலையில் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டிருந்தது. பின்னாளைய பதிப்புகளில்தான் பிடிஎஃப்புக்குள் எழுதும் முறைக்கு மாறியது. விண்டோஸில் பலர் விரும்பும் சுமத்ரா பிடிஎஃப்பும் பிற்காலத்தில்தான் இதற்கு வந்தது. ஐபேடில் பேனாவால் எழுத உதவும் குட்நோட்ஸ் போன்ற செயலிகள் வேறு வகை. அவை பிடிஎஃப்பைத் தங்கள் நூலகத்துக்குள் இறக்குமதி செய்துகொள்கின்றன. அங்கே எழுதுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான் சேரும். மேகத்துக்குத் தானாகக் காப்புப்பிரதி அனுப்பும் வசதி குட்நோட்ஸில் உண்டு. ஆனால் அது ஒருவழிப் பாதை. கணினியில் அந்தப் பிரதியைத் திருத்தினால் திருத்தம் ஐபேடுக்குத் திரும்பாது. இன்னும் சில செயலிகள் ஏற்றுமதியின்போது குறிப்புகளைப் பக்கத்தோடு பக்கமாக உருக்கிவிடும். மஞ்சள் தெரியும், ஆனால் அழிக்கவோ தேடவோ பட்டியலிடவோ முடியாது. கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்குக் குட்நோட்ஸ் அருமையான கருவி. ஒரே கோப்புறையை நம்பிப் படிக்கிறவருக்கு அது ஒத்துவராது.

கைப்பேசியில் பிரச்சினை இன்னும் ஒரு படி ஆழமானது. கணினியில் டிராப்பாக்ஸ் கோப்புறை என்பது உண்மையான கோப்புறை. வட்டில் இருக்கும், எந்த மென்பொருளும் நேராகத் திறக்கலாம். ஆண்டிராய்டில் கூகுள் டிரைவ் செயலிக்குள் தெரிவது அப்படிப்பட்டதல்ல. ‘ஆஃப்லைனில் வை’ என்று குறித்தாலும் கோப்பு அந்தச் செயலியின் தனி அறைக்குள்தான் இருக்கும். மற்றச் செயலிகள் தாமாக உள்ளே நுழைய முடியாது. ‘வேறு செயலியில் திற’ என்று கொடுத்தால், சில வாசிப்புச் செயலிகள் கோப்பைத் தங்கள் தற்காலிக இடத்துக்கு நகலெடுத்துத் திறக்கின்றன. வாசகர் ஒரு மணி நேரம் படித்து இருபது இடங்களில் குறிக்கிறார். ‘சேமி’ அழுத்துகிறார். சேமிக்கப்பட்டது நகல், அது டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும், அல்லது தற்காலிக இடம் துடைக்கப்படும்போது போய்விடும். மேகத்தில் இருக்கும் மூலக் கோப்புக்கு எதுவும் ஆகவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. புதிய செயலி ஒன்றை ஏற்றதும் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து ஒரே ஒரு சொல்லில் மஞ்சள் பூசி, சேமித்து, மூடிவிட வேண்டும். பிறகு கணினியின் உலாவியில் மேகச் சேவையின் தளத்தைத் திறந்து அந்தக் கோப்பின் ‘கடைசியாக மாற்றிய நேரம்’ என்ன என்று பார்க்க வேண்டும். நேரம் மாறியிருந்தால் குறி மூலத்துக்குப் போயிருக்கிறது. மாறாவிட்டால் அந்தச் செயலியும் அந்தத் திறக்கும் வழியும் இந்த ஏற்பாட்டுக்கு உதவாது. ஒரு செயலிக்கு ஒருமுறை செய்தால் போதும். பல நாள் உழைப்பைக் காப்பாற்றும் சோதனை இது.

ஆண்டிராய்டில் உறுதியான தீர்வு, உண்மையான கோப்புறை ஒன்றைச் சாதனத்திலேயே உருவாக்கி, அதை மேகத்தோடு இருவழியாக ஒத்திசைக்கும் இடைச் செயலியை வைப்பது. ஃபோல்டர்சிங்க், ஆட்டோசிங்க் போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. வாசிப்புச் செயலி சாதாரணக் கோப்புறையைப் பார்க்கும், அதிலேயே எழுதும். இடைச் செயலி மாற்றங்களை எடுத்துப் போகும். ஒரே நிபந்தனை, பேட்டரி சேமிப்பு விதிகளிலிருந்து அந்த இடைச் செயலிக்கு விலக்குக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பேசி அதைப் பின்னணியில் உறங்கவைத்துவிடும். ‘இரண்டு நாளாக எதுவும் வரவில்லை’ என்ற புகார் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஐபேடில் நிலைமை சற்று நல்லது. 2017-இல் ஐஓஎஸ் 11 உடன் வந்த ஃபைல்ஸ் செயலி வழியாகத் திறந்தால், நல்ல பிடிஎஃப் செயலிகள் மூலக் கோப்பிலேயே எழுதுகின்றன. அங்கே வேறு தொல்லை: பெயர் மட்டும் தெரியும், கோப்பு இன்னும் இறங்கியிருக்காது. ரயில் ஏறிய பிறகு தட்டினால் சுழன்றுகொண்டே இருக்கும். கிளம்பும் முன் தேவையான புத்தகத்தை ஒருமுறை திறந்து இறக்கிவைப்பது நல்லது.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் வருவதுதான் மோதல். அது எப்படி நேர்கிறது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

ஆய்வு மாணவி ஒருவர் 300 பக்க உரைநூல் ஒன்றைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் `urai.pdf`. திங்கள் காலை விடுதியில் மடிக்கணினியில் அக்ரோபேட்டில் திறந்து 30-ஆம் பக்கம்வரை குறித்துச் சேமிக்கிறார்; அது மேகத்துக்கும் போய்விடுகிறது. கோப்பை மூடாமல் மடிக்கணினியை மட்டும் மூடிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார். ரயிலில் டேப்லெட், இணையம் விட்டுவிட்டு வருகிறது. 31 முதல் 58-ஆம் பக்கம்வரை குறிக்கிறார். வீடு சேர்ந்ததும் வைஃபை கிடைக்க, டேப்லெட்டின் பிரதி மேகத்துக்குப் போகிறது. புதன்கிழமை விடுதிக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறக்கிறார். அக்ரோபேட்டில் திங்கள்கிழமைக் கோப்பு அப்படியே திறந்திருக்கிறது. மேகத்திலிருந்து புதிய பிரதி வர முயல்கிறது. விண்டோஸில் அக்ரோபேட் அந்தக் கோப்பைப் பிடித்துவைத்திருப்பதால் மாற்ற முடியவில்லை, காத்திருக்கிறது. மாணவி விட்ட இடத்திலிருந்து இரண்டு குறி போட்டுச் சேமிக்கிறார். இப்போது ஒரே பழைய பிரதியிலிருந்து கிளைத்த இரண்டு புதிய பிரதிகள். எது சரி என்று டிராப்பாக்ஸால் தீர்மானிக்க முடியாது. அது இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒன்றின் பெயரில் `conflicted copy` என்ற சொற்களும் தேதியும் சேரும். சிங்க்திங் என்றால் `urai.sync-conflict-20250115-090412-ABCDEFG.pdf` என்ற மாதிரியில் பெயர் வரும்.

இந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, ஒன்று தேவையில்லாத நகல் என்று எண்ணி அழிப்பது. இரண்டிலும் உழைப்பு இருக்கிறது. பிரித்தறிய முன்பு பார்த்த பதிவிலுள்ள `/T`, `/M` இரண்டும் உதவும். செயலியின் அமைப்பில் பெயர் கேட்கும் இடத்தில் எல்லாச் சாதனத்திலும் சொந்தப் பெயரையே கொடுக்காமல், கணினியில் ஒரு பெயர், டேப்லெட்டில் ஒரு பெயர், கைப்பேசியில் ஒரு பெயர் என்று வைத்திருந்தால், குறிப்புப் பட்டியலைத் திறந்ததுமே எது எங்கே போடப்பட்டது என்பது தெரிந்துவிடும். மாணவியின் கதையில் டேப்லெட் பிரதியில்தான் 28 பக்கத்துக் குறிகள் இருக்கின்றன. மடிக்கணினிப் பிரதியில் புதிதாக இருப்பது இரண்டே இரண்டு. டேப்லெட் பிரதியை மூலமாக வைத்து, அந்த இரண்டையும் கையால் போட்டுவிட்டு, மற்றதை அழிப்பதுதான் விரைவான வழி. இரண்டு பக்கமும் நிறையக் குறிகள் இருந்தால், குறிப்புகளை மட்டும் எஃப்டிஎஃப் அல்லது எக்ஸ்எஃப்டிஎஃப் என்ற தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து இன்னொரு பிரதியில் இறக்கும் வசதியுள்ள செயலியைத் தேட வேண்டும்.

மோதல் வராமல் தடுக்க ஒரு பழக்கம் போதும்: எழுந்து போகும்போது கோப்பை மூடுவது. சுமத்ரா பிடிஎஃப் கோப்பைப் பூட்டிவைக்காது. பின்னால் கோப்பு மாறினால் தானாகவே மீண்டும் ஏற்றிக்கொள்ளும். அதனால் கணினியில் பெரும்பாலும் வாசிக்க மட்டுமே செய்கிறவருக்கு அது பொருத்தமான தேர்வு.

ஈபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு வரும்போது கதை முற்றிலும் மாறுகிறது. ஈபப் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்; அதற்குள் அத்தியாயங்கள் இணையப் பக்கங்களைப் போல எழுதப்பட்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மடிந்து ஓடும். கைப்பேசியில் 600 பக்கமாக இருப்பது டேப்லெட்டில் 250 ஆகலாம். படிக்க வசதியானது இதுதான். ஆனால் பக்கம் என்று ஒன்று நிலையாக இல்லாததால் ‘எங்கே நிறுத்தினேன்’ என்பதைச் சொல்வதே ஒரு கணக்காகிவிடுகிறது. ஈபப் தரத்தில் அதற்கு ஒரு முகவரி முறை உண்டு. வாசிப்புச் செயலிகள் எல்லாமே அதைப் பின்பற்றுவதில்லை. ஒரே புத்தகத்தின் ஏழாவது கோப்பில், ஐந்தாவது பத்தியில், 57-ஆவது எழுத்துக்குப் பின்னால் உள்ள ஒரே இடத்தைத் தர முறையும், கேஓரீடர் செயலியும் எழுதும் விதம் இது:

```
epubcfi(/6/14!/4/2/10/1:57)
/body/DocFragment[7]/body/div/p[5]/text().57
```

இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. அதோடு, பெரும்பாலான செயலிகள் இந்த முகவரியையும் அடிக்கோடுகளையும் ஈபப்புக்குள் எழுதுவதே இல்லை. சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கின்றன. எனவே ஈபப்பை மேகக் கோப்புறையில் போட்டால் மூன்று சாதனங்களுக்கும் புத்தகம் போய்ச் சேரும்; வாசிப்பு போய்ச் சேராது.

வழி இல்லாமல் இல்லை. ஒரே செயலியை எல்லாச் சாதனத்திலும் வைத்து, அந்தச் செயலி தன் குறிப்பைக் கோப்புறையிலேயே எழுதும்படி செய்ய வேண்டும். இதில் தெளிவாக நடந்துகொள்வது திறந்த மூலச் செயலியான கேஓரீடர். `kathai.epub` என்ற புத்தகத்தைத் திறந்தால் பக்கத்திலேயே `kathai.sdr` என்று ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் `metadata.epub.lua` என்ற சின்ன உரைக் கோப்பில் நிறுத்திய இடம், அடிக்கோடுகள், குறிப்புகள் எல்லாவற்றையும் எழுதுகிறது. நோட்பேடில் திறந்தே படிக்கலாம். மேகக் கோப்புறை இந்த `.sdr`-ஐயும் சேர்த்து எடுத்துப் போகும். ஒரு குறை: எழுத்தின் அளவு, ஓர இடைவெளி போன்ற அமைப்புகளும் அதே கோப்பில்தான் இருக்கின்றன. டேப்லெட்டில் பெரிதாக வைத்த எழுத்து கைப்பேசியிலும் பெரிதாகவே வந்து நிற்கும். இன்னொன்று, ஆண்டிராய்டு, லினக்ஸ், மேக், கோபோ, கிண்டில் கருவி என்று பலவற்றில் ஓடும் இந்தச் செயலி ஐபேடில் கிடையாது. ஆண்டிராய்டில் மட்டும் படிப்பவருக்கு மூன் பிளஸ் ரீடர் எளிய மாற்று; அது டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ தனக்கென ஒரு கோப்புறை வைத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் நிறுத்திய இடத்தை `.po` என்று முடியும் குட்டிக் கோப்பாக எழுதிவைக்கிறது. கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் நடுவில் நன்றாக வேலைசெய்யும். கணினி அதில் சேராது.

எந்தச் செயலியானாலும், பாதி படித்த ஈபப்பைக் காலிபரில் திருத்தி மீண்டும் கோப்புறையில் போடக் கூடாது. முன்னால் ஒரு பத்தி கூடினாலும் முகவரிகள் நகர்ந்துவிடும். அடிக்கோடுகள் வேறு வரிகளில் போய் உட்காரும். திருத்தம், அட்டை மாற்றம் எல்லாம் முதல் நாளே முடிந்துவிட வேண்டும்.

நூலின் வாக்கியங்களை எடுத்து மேற்கோள் காட்ட வேண்டியிருந்தாலோ, கணினிதான் முதன்மை என்றாலோ, பிடிஎஃப்பையே தேர்வது நல்லது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை ஈபப், மோபி, A4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று நான்கு வடிவில் தருகிறது. அந்த 6 அங்குல பிடிஎஃப் கைப்பேசித் திரைக்குக் கிட்டத்தட்ட பொருந்தும். பக்கம் நிலையாக இருக்கும். குறிப்பும் கோப்புக்குள்ளேயே இருக்கும். பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இந்த வடிவம் மூன்று திரை வாசிப்புக்கு மிகவும் ஏற்றது.

தமிழ் பிடிஎஃப்புகளில் வேறு சில சிக்கல்களும் சேர்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நூலகம் தளத்திலும் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கங்களின் ஒளிப்படங்கள். அவற்றில் எழுத்தே இல்லாததால் ஹைலைட் கருவி எதையும் பிடிக்காது. விரலை இழுத்தால் பக்கம்தான் நகரும். பேனாவால் கோடு போடலாம், ஆனால் அந்தக் கோட்டில் என்ன வாசகம் இருந்தது என்று பிறகு பட்டியலிட முடியாது. எழுத்துணரியை ஓட்டி, படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்ப்பது இதற்கு மருந்து. `ocrmypdf` கருவியும் டெசராக்ட் எழுத்துணரியின் தமிழ்த் தரவும் நிறுவப்பட்ட கணினியில் ஒரே கட்டளை போதும்:

```
ocrmypdf -l tam urai-scan.pdf urai.pdf
```

பழைய அச்செழுத்துகளில் பிழைகள் வரும். ஆனாலும் வரியைப் பிடித்து மஞ்சள் பூசவும் ஓரளவு தேடவும் போதுமானது. இது புதிய கோப்பை உருவாக்கும் வேலை என்பதால், முதல் அடிக்கோடு போடும் முன்பே செய்துவிட வேண்டும்.

எழுத்து இருக்கும் பிடிஎஃப்பிலும் ஒரு பொறி உண்டு. பிடிஎஃப் எழுத்துகளைத் திரையில் தோன்றும் வரிசையில் வைக்கிறது. சரியாக உருவாக்கப்படாத கோப்பில் ‘பொருள்’ என்பதில் மஞ்சள் பூசி வாசகத்தை நகலெடுத்தால், கொம்பு முன்னால் வந்து ‘ெபாருள்’ என்று விழும். ‘பொருள்’ என்று தேடினாலும் கிடைக்காது. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் உருவான கோப்புகளில் இன்னும் மோசம். முற்றிலும் வேறு எழுத்துகள் வரும். மஞ்சள் பட்டை மூன்று திரையிலும் சரியாகவே தெரியும் என்பதால், ஆண்டு முடிவில் குறிப்புகளைத் திரட்ட உட்காரும்போதுதான் இது தெரியவரும். ஆகையால் புத்தகத்தைக் கோப்புறையில் சேர்க்கும் நாளிலேயே ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். யூனிகோடில் ‘பொருள்’ என்பதை ஆறு குறியீடுகளாகவும் எழுதலாம். ‘ொ’ என்பதைக் கொம்பும் காலுமாகப் பிரித்து ஏழாகவும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களை எப்போதும் பிரித்தே சேமித்தது. அப்படிப்பட்ட கணினியும் விண்டோஸும் ஒரே கோப்புறையைப் பகிரும்போது, கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு ‘பொருள்.pdf’ தோன்றக்கூடும். நீளமும் ஒரு தடை. ஆண்டிராய்டிலும் லினக்ஸிலும் ஒரு கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆவதால் 85 குறியீடுகளில் முடிந்துவிடும். நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதுகிறவர் இதை எளிதாகத் தாண்டிவிடுவார். விண்டோஸ் அதை ஏற்கும்; கைப்பேசிக்கு அது வந்தே சேராது. கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்து, தமிழ்த் தலைப்பைக் கோப்பின் உள்விவரத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

கோப்புறையில் போடவே கூடாதவையும் உண்டு. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஜொட்டேரோ தன் விவரங்களை ஒரு தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, அதன் உள் வாசிப்பானில் போடும் அடிக்கோடுகளும் பிடிஎஃப்பில் இல்லாமல் அந்தத் தரவுத்தளத்திலேயே தங்குகின்றன. அந்தக் கோப்பை மேகக் கோப்புறையில் வைத்தால் பாதி எழுதிய நிலையில் இழுத்துச் செல்லப்பட்டுச் சிதைந்துபோகலாம். வைக்க வேண்டாம் என்று ஜொட்டேரோவே எச்சரிக்கிறது. அதற்கென்று உள்ள ஒத்திசைவைத்தான் பயன்படுத்த வேண்டும். இலவச இடம் 300 எம்பி. காலிபர் நூலகமும் ஒரு தரவுத்தளத்தைச் சுற்றி அமைந்ததுதான். மேகக் கோப்புறையில் அதை வைப்பவர்கள் இருக்கிறார்கள்; ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் திறக்காதவரை தப்பிக்கலாம். கிண்டிலில் வாங்கிய நூல்கள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே. அவை பெரும்பாலும் பூட்டப்பட்டவை, நிறுத்திய இடத்தை அமேசான் தன் சேவையிலேயே ஒத்திசைக்கிறது. கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வழியும் 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது.

எந்தச் சேவை என்ற கேள்விக்கு இடத்தைவிட எண்ணிக்கையே சில சமயம் விடை சொல்லும். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கில் 2 ஜிபி. 2019 முதல் அதிகபட்சம் மூன்று சாதனங்கள். கைப்பேசி, டேப்லெட், கணினி என்று மூன்றும் நிறைந்துவிடும். அலுவலகக் கணினிக்கு இடமில்லை. கூகுள் 15 ஜிபி தருகிறது, ஆனால் மின்னஞ்சலும் ஒளிப்படங்களும் அதே இடத்தைத்தான் தின்னும். மேகமே வேண்டாம் என்பவர்கள் சாதனத்திலிருந்து சாதனத்துக்கு நேராக அனுப்பும் சிங்க்திங்கை நாடுகிறார்கள். அதில் இரு சாதனமும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அதன் அதிகாரபூர்வ ஆண்டிராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. தன்னார்வலர்கள் நடத்தும் கிளைப் பதிப்பைத்தான் இப்போது கைப்பேசியில் ஏற்ற வேண்டும்.

இதில் எதைத் தேர்ந்தாலும், ஒத்திசைவு என்பது காப்புப்பிரதி அல்ல. கைப்பேசியில் தவறுதலாக ஒரு புத்தகத்தை அழித்தால் மற்ற இரண்டிலும் அது உடனே அழியும். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் கூகுள் டிரைவிலும் பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் வரை கிடைக்கும். அடிக்கோடு காணாமல் போனது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் அதனால் பயனில்லை. மாதம் ஒருமுறை கோப்புறை முழுவதையும், `.sdr` கோப்புறைகள் உட்பட, அந்த மாதத்தின் பெயரிட்டு ஒரு வெளி வட்டில் நகலெடுத்து வைப்பவருக்கு அந்த ஆறு மாதப் பழைய பிரதியும் கைவசம் இருக்கும்.